கேம் திறக்கவே இல்லையா? புராசஸருக்கு ஏவிஎக்ஸ் தெரியுமா என்று முதலில் பாருங்கள்

போன வருஷம் குறுவை நடவு நேரத்தில் மன்னார்குடியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, 80 ஜிபி இறக்கி வச்சிருக்கேன். கிளிக் பண்ணா ஒரு செகண்ட் வட்டம் சுத்துது, அவ்வளவுதான், ஒண்ணுமே வரல." ஏதாவது எழுத்து வந்ததா என்று கேட்டேன். அதுவும் வரவில்லை. அதற்குள் அவன் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துவிட்டான், கேமை மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி 80 ஜிபி இறக்கிவிட்டான், யாரோ சொன்னார்கள் என்று 8 ஜிபி ரேமை 16 ஆக்கியும் விட்டான். காசும் போய், நாலு நாளும் போய், கேம் மட்டும் அப்படியே.

அவனை அதிகமாக உறுத்தியது வேறு ஒன்று. நீடாமங்கலத்தில் இருக்கும் அவன் கூட்டாளி ஒருவன், ஏதோ அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டரை வாங்கி வைத்திருக்கிறான். 2011-ல் வந்த ஐ5-2400 புராசஸர். அதில் இதே கேம் திறக்கிறது, கொஞ்சம் திணறினாலும் ஓடுகிறது. இவனிடம் இருப்பது 2017-ல் வந்த பென்டியம் ஜி4560. ஆறு வருஷம் புதியது. கிராஃபிக்ஸ் கார்டு இரண்டு பேரிடமும் ஒன்றேதான். "என்னோடதுதானே மாமா புதுசு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நியாயமான கேள்வி, இதற்குப் பதில் தெரிந்தால் இந்த விஷயமே புரிந்துவிடும் என்பதால் அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

முதலில் ஒன்றை மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும். இது வேகப் பிரச்சினை இல்லை. புராசஸர் மெதுவாக இருந்தால் கேம் திக்கித் திக்கி ஓடும், ஆனால் ஓடும். இங்கே திறக்கவே மாட்டேன் என்று மூடிக்கொள்வது, அந்தக் கேமில் எழுதியிருக்கும் ஒரு கட்டளை இந்தப் புராசஸருக்குத் தெரியவே தெரியாது என்பதால்.

ஒவ்வொரு புராசஸருக்கும் அதற்குப் புரியும் கட்டளைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. இந்த எண்ணை அங்கே வை, இதையும் அதையும் கூட்டு, பெரியது எது பார், அந்த இடத்துக்குத் தாவு, இப்படி. இதைத்தான் இன்ஸ்ட்ரக்ஷன் செட் என்கிறார்கள். நம் கம்ப்யூட்டர்களில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி புராசஸர்களுக்கு அடிப்படைப் பட்டியல் ஒன்றேதான். ஆனால் சில வருஷத்துக்கு ஒருமுறை அதோடு புதுக் கட்டளைகளை ஒரு கட்டாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். அப்படிச் சேர்ந்த ஒரு கட்டுக்குப் பெயர் ஏவிஎக்ஸ், திரையில் AVX என்று இருக்கும். 2011-ல் இன்டெல் இதை முதலில் கொண்டுவந்தது, அதே வருஷக் கடைசியில் ஏஎம்டியிலும் வந்தது. அதற்கு அடுத்தது ஏவிஎக்ஸ்2, திரையில் AVX2. இன்டெலில் அது 2013-ல் வந்தது. ஏஎம்டியில் பரவலாகக் கிடைத்தது 2017-ல் ரைசன் வந்த பிறகுதான்.

இந்தக் கட்டளைகள் என்னதான் செய்கின்றன? நம் ஊர் வயலை வைத்தே சொல்கிறேன். நடவு ஆள் குனிந்து ஒவ்வொரு குத்தாக நடுவார். எட்டு வரிசை நடவு இயந்திரம் ஒரே ஓட்டத்தில் எட்டு வரிசையையும் நட்டுக்கொண்டே போகும். ஏவிஎக்ஸ் அந்த இயந்திரம் மாதிரி. சாதாரணக் கூட்டல் கட்டளை இரண்டு எண்களை எடுத்து ஒரு விடை தரும். ஏவிஎக்ஸ் கூட்டல் கட்டளை இந்தப் பக்கம் எட்டு எண், அந்தப் பக்கம் எட்டு எண் எடுத்து, ஒரே அடியில் எட்டு விடை தரும். அதற்கு முந்தைய தலைமுறையான எஸ்எஸ்இ நான்கு நான்காகச் செய்யும். கேமுக்குள் இந்த மாதிரி வேலை கொட்டிக் கிடக்கிறது. பாத்திரத்தின் ஒவ்வொரு எலும்பும் எந்தப் பக்கம் திரும்புகிறது, பறக்கும் தூசித் துகள் ஒவ்வொன்றும் அடுத்த ஃபிரேமில் எங்கே இருக்கும், ஆயிரம் மரங்களில் எவை கேமராவுக்குள் விழுகின்றன, எல்லாமே ஒரே கணக்கை வேறு வேறு எண்களுக்கு மறுபடி மறுபடி போடுவதுதான்.

சரி, இயந்திரம் இல்லாவிட்டால் ஆள் வைத்து நடலாமே, நேரம்தானே கூடும், புராசஸரும் அப்படி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொள்ளக் கூடாதா? இங்கேதான் நிறையப் பேருக்குக் குழப்பம் வருகிறது. கேம் எழுதுபவர் "இவற்றைக் கூட்டு" என்றுதான் எழுதுகிறார். ஆனால் நாம் இறக்கும் கோப்பில் அந்த வாக்கியம் இருப்பதில்லை. கம்பைலர் என்ற மென்பொருள் அதை ஏற்கெனவே புராசஸர் கட்டளைகளாக மாற்றிவிட்டது. அதாவது கோப்பில் இருப்பது "வயலை நடு" என்ற சொல் இல்லை, "எட்டு வரிசை இயந்திரத்தின் அந்த நெம்புகோலை இழு" என்ற சொல். இயந்திரமே இல்லாதவர் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? எந்த வேலையைச் சொல்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியாது, வரப்பில் நிற்க வேண்டியதுதான்.

இதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கூட்டல் கட்டளைகள் இரண்டு, அவை கோப்பில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்பதோடு:

```
0F 58 C1      addps  xmm0, xmm1
C5 F4 58 C2   vaddps ymm0, ymm1, ymm2
```

முதல் வரி பழைய எஸ்எஸ்இ கூட்டல், நான்கு எண். இரண்டாவது ஏவிஎக்ஸ் கூட்டல், எட்டு எண். வலது பக்கம் நமக்காக எழுதியது, புராசஸர் படிப்பது இடது பக்க எண்களை மட்டும். இரண்டாவது வரி C5 என்று தொடங்குகிறது பாருங்கள், ஏவிஎக்ஸ் கட்டளைகள் C5 அல்லது C4 என்றுதான் தொடங்கும். ஏவிஎக்ஸ் தெரிந்த புராசஸர் அதைப் பார்த்ததும் எட்டு வரிசைக் கணக்குக்குத் தயாராகும். தெரியாத புராசஸருக்கு, 64 பிட் நிரலில் C5 என்று தொடங்கும் சரியான கட்டளையே கிடையாது. அது ஊகிக்காது, தாண்டியும் போகாது. ஊகித்துத் தப்பான விடை எழுதிவிட்டு ஓடினால் அதைவிட ஆபத்து. அதனால் அங்கேயே நின்று, "இது செல்லாத கட்டளை" என்று விண்டோஸிடம் ஒப்படைத்துவிடுகிறது. இதற்குக் கேம் எந்த ஏற்பாடும் செய்து வைக்கவில்லை என்றால் விண்டோஸ் அந்தக் கேமை மூடிவிடும். அக்கா மகன் பார்த்த அந்த ஒரு செகண்ட் வட்டம் இதுதான்.

இந்தக் கட்டளை கோப்பில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கேம் எப்போது விழும் என்பதும். பெரும்பாலும் தொடக்கத்திலேயே இருக்கும், அதனால் திறக்கவே திறக்காது. எப்போதும் அப்படி இல்லை. சைபர்பங்க் 2077 வந்தபோது, 2020 டிசம்பரில், ஏவிஎக்ஸ் இல்லாத கம்ப்யூட்டர்களில் கேம் நன்றாகத் திறந்து, ஓடி, கதையின் முன்னுரைப் பகுதி முடியும் இடத்தில் விழுந்தது. அந்த இடத்தில்தான் ஏவிஎக்ஸ் கட்டளை உள்ள பகுதியை அது முதன்முதலாகத் தொட்டது. 1.05 திருத்தத்தில் ஏவிஎக்ஸ் பயன்பாட்டை எடுத்தார்கள், சரியாயிற்று. அதற்கு முன் 2016-ல் நோ மேன்ஸ் ஸ்கை வந்தபோது எஸ்எஸ்இ4.1 இல்லாத ஏஎம்டி ஃபினம் புராசஸர்களில் திறக்கவில்லை, அதையும் தயாரித்தவர்கள் பின்னால் சரிசெய்து கொடுத்தார்கள். ஆக, சரிசெய்வது அவர்கள் கையில் இருக்கிறது, நம் கையில் இல்லை.

பின் ஏன் எல்லாரும் முதலிலேயே இரண்டு விதமாகவும் எழுதிவைப்பதில்லை? எழுதலாம். கேம் திறந்ததும் புராசஸரிடம் "உனக்கு ஏவிஎக்ஸ் தெரியுமா" என்று கேட்க `CPUID` என்று ஒரு கட்டளையே இருக்கிறது, தெரியும் என்றால் ஒரு பாதை, தெரியாது என்றால் இன்னொரு பாதை. வீடியோ பிளேயர்கள் பல வருஷமாக இதைத்தான் செய்கின்றன, அங்கே கனமான கணக்கு சில இடங்களில் மட்டும் குவிந்திருப்பதால் அந்த இடங்களை இரண்டு மூன்று விதமாக எழுதிவைத்தால் போதும். கேமில் அந்தச் சின்னச் சின்னக் கூட்டலும் பெருக்கலும் நிரல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு இடத்திலும் எந்தப் பாதை என்று கேட்டுக்கொண்டிருந்தால் கேட்கிற நேரமே கணக்குப் போடுகிற நேரத்தைத் தின்றுவிடும். இன்னொரு வழி, முழுக் கேமையும் இரண்டு தடவை கம்பைல் செய்து இரண்டு கோப்பாகக் கொடுப்பது. அப்போது ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரண்டையும் சோதிக்க வேண்டும், பழைய புராசஸர்களைத் தேடி எடுத்துவைத்துச் சோதிக்க வேண்டும். அதற்குப் பதில், கம்பைலரில் ஒரு சொல்லை மாற்றினால் முழுக் கேமும் ஏவிஎக்ஸ் கட்டளைகளோடு வந்துவிடும்:

```
cl /O2 /arch:AVX2 game.cpp
```

அந்த `/arch:AVX2` என்ற ஒன்றுதான். அதைப் போட்டுக் கம்பைல் செய்த நொடியே அந்தக் கட்டு தெரியாத புராசஸர்கள் எல்லாம் வெளியே.

ஏன் சில வருஷங்களாக இது அதிகமாகிவிட்டது என்பதற்குக் காரணம் கேம் கன்சோல்கள் என்று நான் நினைக்கிறேன். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் 2013-ல் வந்தன, இரண்டிலும் ஏவிஎக்ஸ் உண்டு, ஏவிஎக்ஸ்2 கிடையாது. 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் ஏவிஎக்ஸ்2 உண்டு. பெரிய கேம்கள் பலவற்றைக் கன்சோலையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். கன்சோலில் எல்லார் வீட்டிலும் ஒரே புராசஸர், கேட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அந்த நிரல் கம்ப்யூட்டருக்கு வரும்போது அந்த நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. பழைய கன்சோலுக்கும் சேர்த்து எழுதிய காலம் வரைக்கும் ஏவிஎக்ஸ் இருந்தால் போதும் என்று இருந்தது, அதை விட்டுவிட்ட கேம்கள் ஏவிஎக்ஸ்2 கேட்க ஆரம்பித்தால் தடுக்க ஒன்றும் இல்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன், புதியதில் இல்லாதது பழையதில் எப்படி இருக்கிறது? ஜி4560-ன் உள்ளே இருக்கும் கோர், அதே தலைமுறை ஐ5, ஐ7-ல் இருக்கும் அதே வடிவமைப்புதான். ஆனால் பென்டியம், செலரான் என்ற பெயரில் விலை குறைவாக விற்றவற்றில் ஏவிஎக்ஸை இன்டெல் அணைத்து வைத்தே விற்றது. 2011-லிருந்து பல வருஷம் இது வழக்கம். 2020-ல் வந்த பென்டியம் ஜி6400-ல்கூட ஏவிஎக்ஸ் இல்லை, 2022-ல் வந்த ஜி7400-ல்தான் ஏவிஎக்ஸ்2 வரைக்கும் இருக்கிறது. குறைந்த விலை லேப்டாப்களில் வரும் செலரான் என்4020-லும் கிடையாது. ஆனால் ஐ3, ஐ5, ஐ7 என்று பெயர் இருந்தால், 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஏவிஎக்ஸ் உண்டு. அதனால்தான் 2011 ஐ5 திறக்கிறது, 2017 பென்டியம் திறக்கவில்லை. ஒரு கோரை மட்டும் எடுத்து வேகம் பார்த்தால் ஜி4560 அந்தப் பழைய ஐ5-ஐ முந்திவிடும் என்பதும் உண்மை. வேகம் இருந்தும், C5 என்ற எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை.

பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வருஷத்தைப் பார்க்கிறார்கள், கிகாஹெர்ட்ஸைப் பார்க்கிறார்கள். இரண்டும் இதைச் சொல்லாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? அக்கா மகனைப் போனிலேயே வைத்துக்கொண்டு செய்யச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். விண்டோஸ் பொத்தானையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதை அடிக்க வேண்டும்:

```
eventvwr.msc
```

இடது பக்கம் Windows Logs, அதன் கீழே Application. கேம் மூடிக்கொண்ட நேரத்துக்கு நேராகச் சிவப்புக் குறியோடு Application Error என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் கீழே Exception code என்று ஓர் எண் வரும். அவனுக்கு வந்தது இது:

```
Exception code: 0xc000001d
```

செல்லாத கட்டளை என்பதற்கு விண்டோஸ் வைத்திருக்கும் எண் இதுதான். இதற்குப் பதில் 0xc0000005 என்று இருந்தால் அது வேறு நோய், தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைக் கேம் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த எண்ணைப் பார்த்துப் புராசஸரை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள்.

0xc000001d வந்தாலும் அதை மட்டும் நம்பக் கூடாது. கேம் கோப்பு கெட்டுப் போயிருந்தாலோ, புராசஸரை அளவுக்கு மீறி ஓவர்கிளாக் செய்திருந்தாலோ, புராசஸர் குப்பை எண்களைக் கட்டளை என்று நினைத்துப் படித்து இதே எண்ணைக் காட்ட முடியும். அதனால் இரண்டாவது வேலையும் செய்ய வேண்டும். CPU-Z என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே Instructions என்று ஒரு வரி. அவன் படித்துக் காட்டியது:

```
MMX, SSE, SSE2, SSE3, SSSE3, SSE4.1, SSE4.2, EM64T, VT-x, AES
```

கூட்டாளியுடையதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம். அதில் இதே வரி, கடைசியில் மட்டும் ஒரு காற்புள்ளி போட்டு AVX. அந்த மூன்று எழுத்துதான் வித்தியாசம். அவன் போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"அப்ப ரேம் போட்டது?" என்றான் அப்புறம். ரேம் வீண் போகாது, ஆனால் இந்த விஷயத்துக்கு அது எதுவும் செய்யாது. கிராஃபிக்ஸ் கார்டும் செய்யாது, பயாஸ் அப்டேட்டும் செய்யாது, லினக்ஸுக்கு மாறினாலும் அதே கட்டளை அதே புராசஸரில்தான் போய் விழும். இல்லாத கட்டளையை மென்பொருளால் நடித்துக் காட்டும் கருவி ஒன்று இன்டெலே வைத்திருக்கிறது, எஸ்டிஇ என்று பெயர், நிரல் எழுதுபவர்கள் சோதிப்பதற்காகச் செய்தது. அதில் கேம் திறந்தாலும் விளையாடும் வேகத்தில் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது, ஒவ்வொரு கட்டளையையும் இடையில் ஒருவர் படித்து மொழிபெயர்ப்பது மாதிரி அது. கேம் வேறொரு ஊர்க் கணினியில் ஓடி, படம் மட்டும் நம் திரைக்கு வரும் கிளவுட் சேவைகளில் இந்தத் தடை இல்லை, ஆனால் இணையம் விட்டு விட்டு வரும் வீட்டில் அதை நம்பி இருக்க முடியாது.

மிச்சம் இருப்பது புராசஸரை மாற்றுவது. இதில் அவனுக்கு நல்ல காலம். ஜி4560 உட்காரும் போர்டு ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ3, ஐ5-களையும் ஏற்கும், அவை எல்லாவற்றிலும் ஏவிஎக்ஸ்2 உண்டு. எட்டாம் தலைமுறையை மட்டும் வாங்கிவிடாதே, குழி ஒரே மாதிரி இருக்கும் ஆனால் அந்தப் போர்டில் ஓடாது என்று சொன்னேன். தஞ்சாவூரில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் ஐ5-7500 கிடைத்தது. கடையிலேயே மாட்டி, CPU-Z திறந்து, அந்த வரியில் AVX, AVX2 இரண்டும் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் காசு கொடுத்தான். அன்று ராத்திரியே கேம் திறந்துவிட்டது, மூன்றாவது தடவை இறக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

கூட்டாளியின் நிலைமைதான் இப்போது கஷ்டம். அவனுடைய ஐ5-2400-ல் ஏவிஎக்ஸ் உண்டு, ஏவிஎக்ஸ்2 இல்லை. அந்தப் போர்டில் மாட்டக்கூடிய மிகப் பெரிய புராசஸர்களில் ஒன்றான ஐ7-3770-லும் இல்லை, ஏனென்றால் அது 2012-ல் வந்தது, ஏவிஎக்ஸ்2 அடுத்த வருஷம்தான். ஏவிஎக்ஸ்2 கேட்கும் கேம் ஒன்றை அவன் ஆட வேண்டும் என்றால் போர்டு, புராசஸர் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், வாங்கும் போர்டைப் பொறுத்து ரேமையும். இப்போதெல்லாம் எந்தக் கேம் வாங்குவதற்கு முன்பும் கடைப் பக்கத்தில் குறைந்தபட்சத் தேவைகள் என்ற பகுதியில் AVX2 என்று எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறான். சிலர் அதை எழுதுவதே இல்லை, வெறும் புராசஸர் பெயரை மட்டும் போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் அங்கே போட்டிருப்பதில் மிகப் பழைய புராசஸர் எது என்று பார்க்கிறான். அது ஐ5-4460 என்றோ ரைசன் என்றோ இருந்தால், இரண்டிலும் ஏவிஎக்ஸ்2 உண்டு, அதற்குக் கீழே சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேட்க முடிகிற கெடுவுக்குள் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுகிறான்.